ஹாஸ்டல் அறையில் கேட்கும் ஹலோ

ஒரு கல்லூரி வளாகத்தை எடுத்துக்கொள்வோம். ஹாஸ்டல் அறையில் சுவரோடு பதித்த நெட்வொர்க் பிளக். அதில் மடிக்கணினியைச் செருகி, வயர்ஷார்க் போன்ற பாக்கெட் பார்க்கும் மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். பத்து வினாடிக்கு ஒரு முறை 224.0.0.5 என்ற முகவரிக்கு ஒரு சின்னப் பாக்கெட் வந்து போகும். மாணவர் எதையும் கேட்கவில்லை, எந்தத் தளத்தையும் திறக்கவில்லை. ஆனாலும் அது தவறாமல் வரும்.

பல வளாகங்களிலும் அலுவலகங்களிலும் இது நடக்கிறது. பக்கங்கள் திறக்கின்றன, வீடியோ ஓடுகிறது, எதிலும் குறையில்லை. அதனாலேயே யாரும் கவனிப்பதில்லை.

அந்தப் பாக்கெட்டின் பெயர் ஹலோ. அதை அனுப்புவது வளாகத்தின் நடுவிலிருக்கும் கோர் ஸ்விட்ச். அது பேசும் மொழி ஓஎஸ்பிஎஃப். பெரிய நெட்வொர்க்குகளில் ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ள உதவும் புரோட்டோகால் இது. முதல் வடிவம் 1989-ல் வந்தது. இன்று ஐபி நான்காம் பதிப்பு நெட்வொர்க்குகளில் ஓடுவது, ஜான் மோய் எழுதி 1998-ல் வெளியான ஆர்எஃப்சி 2328 என்ற ஆவணத்தில் உள்ள இரண்டாம் பதிப்பு.

இதன் அடிப்படை எளிமையானது. ஒவ்வொரு ரவுட்டரும் தன்னோடு எந்தெந்த நெட்வொர்க்குகள் இணைந்திருக்கின்றன, பக்கத்து ரவுட்டர்கள் யார் யார் என்று ஒரு குறிப்பு எழுதுகிறது. அந்தக் குறிப்பு கைமாறிக் கைமாறி எல்லா ரவுட்டர்களுக்கும் போய்ச் சேர்கிறது. கடைசியில் ஒரே பகுதியிலுள்ள எல்லா ரவுட்டர்களிடமும் ஒரே வரைபடம் இருக்கும். அதை வைத்து, டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்ட கணக்கு முறையில், ஒவ்வொன்றும் தனக்குக் குறைந்த செலவுள்ள வழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வரைபடத்துக்குள் வந்துவிட்ட குறிப்பை மற்ற ரவுட்டர்கள் சந்தேகப்படுவதில்லை. உள்ளே நுழைவதற்குத்தான் வாசல். நுழைந்தபின் விசாரணை கிடையாது. அந்த வாசல்தான் ஹலோ. "இந்தக் கம்பியில் வேறு ரவுட்டர் யாராவது இருக்கிறீர்களா?" என்று தெருவில் நின்று கூப்பிடுவதுபோல அது பத்து வினாடிக்கு ஒரு தடவை கூப்பிடுகிறது. ரவுட்டர்கள் மட்டும் குடியிருக்கும் தெருவில் இப்படிக் கூப்பிடுவதில் தவறில்லை. மாணவர்கள் குடியிருக்கும் தெருவில் ஏன் கூப்பிடுகிறது?

காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு வரி. நெட்வொர்க்கை முதன்முதலில் அமைத்தவர் சிஸ்கோ ஸ்விட்சில் இப்படி எழுதியிருப்பார்:

```
router ospf 1
 network 10.20.0.0 0.0.255.255 area 0
```

10.20 என்று தொடங்கும் முகவரி எந்த இன்டர்ஃபேஸில் இருந்தாலும் அதில் ஓஎஸ்பிஎஃப் ஓடட்டும் என்பது இதன் பொருள். எழுதுவதற்கு வசதி. நாளைக்குப் புதிதாக ஒரு நெட்வொர்க் சேர்த்தாலும் தானாக உள்ளே வந்துவிடும். ஆனால் ஹாஸ்டலின் 10.20.30.0/24 நெட்வொர்க்கும் இதே வரியில் அகப்பட்டுக்கொள்கிறது. அமைத்தவர் விரும்பியது, ஹாஸ்டல் நெட்வொர்க் எங்கே இருக்கிறது என்று மற்ற ரவுட்டர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதை மட்டுமே. ஸ்விட்சோ அதோடு நிற்காமல், ஹாஸ்டலுக்குள்ளேயே போய் நெய்பர் தேட ஆரம்பித்துவிடுகிறது. மாடிக்கு மாடி இருக்கும் சிறிய ஸ்விட்சுகளும் இந்தப் பாக்கெட்டைத் தடுக்காது. 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளுக்கு வருவதை அந்த விலானின் எல்லாப் போர்ட்டுகளுக்கும் அனுப்பிவிடுவதுதான் அவற்றின் வழக்கம். ஆகவே அறைக்கு அறை ஹலோ கேட்கிறது.

ஹலோ பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால், உறவு கொண்டாட என்னென்ன தேவையோ அத்தனையும் அதிலேயே எழுதியிருக்கும். ஏரியா எண் 0. சப்நெட் மாஸ்க் 255.255.255.0. ஹலோ இடைவெளி 10 வினாடி. எதிராளி பேசாவிட்டால் செத்துவிட்டதாக எண்ண 40 வினாடி. அங்கீகார வகை 0, அதாவது எதுவும் இல்லை. இந்த மதிப்புகளை அப்படியே திருப்பிச் சொல்லும் எவரையும் அந்த ஸ்விட்ச் சக ரவுட்டர் என்று ஏற்றுக்கொள்ளும். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. லினக்ஸில் எஃப்ஆர்ஆர் போன்ற இலவச ரவுட்டிங் மென்பொருள் ஓடும் சாதாரண மடிக்கணினியே போதும்.

ஒன்றும் ஒன்றும் பேசத் தொடங்கினால் என்ன ஆகும்? ஹாஸ்டல் விலானில் வேறு ரவுட்டர் இல்லாததால், கோர் ஸ்விட்ச் தன்னையே அந்த விலானின் தலைமை ரவுட்டராக வைத்திருக்கும். புதிதாக வந்த மடிக்கணினிக்குத் துணைத் தலைமைப் பதவி கிடைக்கும். இரண்டும் வரைபடத்தைப் பரிமாறிக்கொள்ளும். சில வினாடிகளில் ஸ்விட்சின் பதிவேட்டில் இப்படி ஒரு வரி விழும்:

```
%OSPF-5-ADJCHG: Process 1, Nbr 10.20.30.77 on Vlan30
 from LOADING to FULL, Loading Done
```

கடைசியில் உள்ள `FULL` என்ற சொல்தான் முக்கியம். அட்ஜசென்சி முழுமையாகிவிட்டது. வளாகத்திலுள்ள எல்லா நெட்வொர்க்குகளின் பட்டியலும், எந்த ரவுட்டர் எதோடு இணைந்திருக்கிறது என்ற விவரமும் இப்போது மடிக்கணினியிடம் இருக்கிறது. அது எழுதும் குறிப்பு வளாகம் முழுவதும் பரவும்.

இனி அது என்ன எழுதலாம் என்று பார்ப்போம். மதிப்பெண் சர்வர் இன்னொரு கட்டடத்தில், இரண்டாவது கோர் ஸ்விட்சில் இருக்கிறது. அதன் முகவரி 10.20.50.10. அந்த நெட்வொர்க் 10.20.50.0/24, அதாவது 256 முகவரிகள். மடிக்கணினியும் அதே /24-ஐத் தன்னிடம் இருப்பதாகச் சொன்னால், ரவுட்டர்கள் இரண்டு வழிகளின் செலவையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பொய் எடுபடலாம், எடுபடாமலும் போகலாம். ஆனால் 10.20.50.0/28 என்று சொன்னால் ஒப்பீடே கிடையாது. அது 16 முகவரிகள் மட்டும் கொண்ட குறுகிய வரம்பு. சர்வரின் எண் அதற்குள் வந்துவிடுகிறது. எந்த ரவுட்டரும் ஒரு முகவரிக்குப் பல வழிகள் தெரிந்தால், வரம்பு எது மிகக் குறுகியதோ அதையே எடுக்கும். செலவைப் பார்ப்பது அதற்கு அப்புறம்தான். ஆகவே முதல் கோர் ஸ்விட்சை நம்பியிருக்கும் கட்டடங்களிலிருந்து மதிப்பெண் சர்வருக்குப் போகும் போக்குவரத்து ஹாஸ்டல் அறைக்குத் திரும்பிவிடும்.

திரும்பிய போக்குவரத்தை மடிக்கணினி உண்மையான சர்வருக்கு அனுப்பி வைக்க முயன்றால் அது வெற்றி பெறாது. முதல் ஸ்விட்ச் அதைத் திரும்பவும் மடிக்கணினியிடமே அனுப்பும். பாக்கெட் சுற்றிச் சுற்றி மடிந்துவிடும். சர்வர் காணாமல் போய்விட்டதாகத்தான் எல்லோருக்கும் தோன்றும். இதைவிட மோசமானது, மடிக்கணினி தன்னையே 10.20.50.10 என்று சொல்லிக்கொண்டு ஒரு போலி நுழைவுப் பக்கத்தைக் காட்டுவது. ஆசிரியர் சரியான முகவரியைத்தான் தட்டுகிறார். கணினியில் வைரஸ் இல்லை. கெட்டுப்போயிருப்பது நடுவிலிருக்கும் வரைபடம்.

இதற்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பாடத்துக்காகப் பழகும் மாணவர், லேப் பயிற்சியில் எழுதிய அமைப்போடு ஒரு பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து அறையில் செருகினால் போதும். அதில் 0.0.0.0/0 என்ற பொது வழியை அறிவிக்கும் வரி இருந்தால், வளாகத்தின் இணையப் போக்குவரத்தே அந்தப் பக்கம் சாயக்கூடும். என்னைக் கேட்டால் வளாகங்கள் அஞ்ச வேண்டியது இந்த அப்பாவியைத்தான். திட்டமிட்டு வருபவர் அரிது, ஆர்வத்தில் செருகுபவர் ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் சேர்கிறார்.

வெளியாள் யாரும் வராவிட்டாலும் இன்னொரு தொல்லை உண்டு. ஹாஸ்டல் விலான் இரண்டு கோர் ஸ்விட்சுகளையும் தொட்டுக்கொண்டிருந்தால், அவை இரண்டும் அந்த விலான் வழியாகவே ஒன்றுக்கொன்று நெய்பர் ஆகும். முப்பது விலான் இருந்தால் முப்பது அட்ஜசென்சி. கோர்களுக்கிடையே உள்ள நேரடிக் கம்பி அறுந்த நாளில், வளாகத்தின் முழுப் பாரமும் மாடிப்படி அருகிலிருக்கும் ஒரு சின்ன ஸ்விட்சின் வழியாகப் போகும். அந்த ஸ்விட்சை யாரும் அதற்காக வாங்கி வைக்கவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மருந்து பாசிவ் இன்டர்ஃபேஸ். ஒரு இன்டர்ஃபேஸைப் பாசிவ் என்று குறித்துவிட்டால், அதன் நெட்வொர்க் வரைபடத்தில் இருக்கும். ஹாஸ்டலுக்கு வழி எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் ஹலோ போகாது. அங்கிருந்து வரும் ஹலோவும் கேட்கப்படாது. ஹலோ இல்லாவிட்டால் நெய்பர் இல்லை, நெய்பர் இல்லாவிட்டால் வரைபடம் கைமாற வழியில்லை. பழைய ரிப் புரோட்டோகாலில் இதே கட்டளை சொல்வதை மட்டும் நிறுத்தும், கேட்பதை நிறுத்தாது. அந்தப் பழக்கத்தில் "பாசிவ் பாதிதான் பாதுகாப்பு" என்று சிலர் சொல்வார்கள். ஓஎஸ்பிஎஃப்பில் அப்படி இல்லை. இரண்டு பக்கமும் அடைபடுகிறது.

இதைச் செய்ய இரண்டு வழி. பயனர் பக்கத்து இன்டர்ஃபேஸ்களை ஒவ்வொன்றாகப் பாசிவ் என்று எழுதலாம். அல்லது எல்லாவற்றையும் பாசிவ் என்று சொல்லிவிட்டு, ரவுட்டர்களுக்கு இடையிலான கம்பிகளை மட்டும் திறந்து விடலாம்:

```
router ospf 1
 passive-interface default
 no passive-interface GigabitEthernet1/0/1
```

இரண்டாவதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் வழியில், நாளைக்கு நூலகத்துக்குப் புது விலான் போடுபவர் பாசிவ் வரியை மறந்தால், வாசல் திறந்தே கிடக்கும். எல்லாம் ஓடும், ஆகவே யாருக்கும் தெரியாது. இரண்டாவது வழியில் ஒருவர் மறப்பது ரவுட்டர் கம்பியைத் திறப்பதையாகத்தான் இருக்கும். அப்போது புதுக் கட்டடத்துக்கு வழியே கிடைக்காது, ஐந்தாவது நிமிடம் தொலைபேசி அடிக்கும். சத்தம் போடும் தவறே நல்ல தவறு.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்சில் இதை எழுதும்போது ஓர் ஆபத்து உண்டு. `passive-interface default` என்ற வரியை அழுத்திய கணத்தில் எல்லா அட்ஜசென்சியும் விழுந்துவிடும். இன்னொரு கட்டடத்திலிருந்து அந்த ஸ்விட்சுக்குள் நுழைந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்த வரியைத் தட்டுவதற்குள் இணைப்பே போய்விடலாம். அப்புறம் சாவியை எடுத்துக்கொண்டு நேரில் ஓட வேண்டியதுதான். அனுபவசாலிகள் முதலில் `reload in 10` என்று கொடுத்துவிடுவார்கள். பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானாக மறுபடி தொடங்கி, சேமித்து வைத்த பழைய அமைப்புக்குத் திரும்பும். எல்லாம் சரியாகிவிட்டால் `reload cancel` என்று நிறுத்திவிட்டு, அப்புறம்தான் புது அமைப்பைச் சேமிப்பார்கள். ஜூனிபர் கருவிகளில் `commit confirmed 5` என்பது இதே காரியத்தை ரீபூட் இல்லாமல் செய்கிறது. எதுவானாலும் கூட்டம் குறைந்த நேரத்தில் செய்வது நல்லது.

முடித்தபின் ஸ்விட்சிடமே கேட்டுப் பார்க்கலாம். `show ip ospf interface Vlan30` என்று கேட்டால், வரும் விவரங்களுக்கு நடுவே இந்த வரி இருக்க வேண்டும்:

```
    No Hellos (Passive interface)
```

அடுத்து `show ip ospf neighbor`. அதில் வரும் ஒவ்வொரு வரிக்கும் வளாகத்தில் கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு கம்பி இருக்க வேண்டும். கம்பி தெரியாத நெய்பர் ஒன்று இருந்தால் அன்றைக்கு வேறு வேலை வேண்டாம்.

இனி ரவுட்டர்களுக்கு இடையே திறந்து விட்ட கம்பிகள். அங்கே ஹலோ போகத்தான் வேண்டும், ஆகவே பாசிவ் உதவாது. அந்தக் கம்பி பூட்டிய அறையிலிருந்து பூட்டிய அறைக்குப் போனால் கவலை குறைவு. ஆனால் வளாகங்களில் அது பெரும்பாலும் யார் யாரோ திறக்கும் அலமாரிகள் வழியாகப் போகிறது. அங்கே ஒருவர் குறுக்கே கருவியை வைத்தால் மறுபடி அதே கதைதான். இதற்குத்தான் அங்கீகாரம்: ஒவ்வொரு ஓஎஸ்பிஎஃப் பாக்கெட்டும் ரகசியச் சாவி தெரிந்தவரிடமிருந்து வந்ததா என்று சரிபார்ப்பது.

இதில் மூன்று வகைகளைப் பார்க்கலாம். முதலாவது எளிய கடவுச்சொல். எட்டு எழுத்து வரைதான் இடம், அதுவும் பாக்கெட்டில் வெளிப்படையாகவே எழுதிப் போகும். கேட்பவருக்கெல்லாம் சாவியைச் சொல்லிக்கொண்டே கதவைப் பூட்டுவதில் பயனில்லை. இரண்டாவது எம்டி5. சாவியையும் பாக்கெட்டையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு முத்திரை மட்டும் போகும், சாவி போகாது. 2009-ல் வந்த ஆர்எஃப்சி 5709 இதைவிட உறுதியான எஸ்எச்ஏ குடும்ப முத்திரைகளை அனுமதித்தது. கருவி அதை ஆதரித்தால் அதையே வைக்க வேண்டும்:

```
key chain CAMPUS
 key 1
  key-string <secret>
  cryptographic-algorithm hmac-sha-256
interface GigabitEthernet1/0/1
 ip ospf authentication key-chain CAMPUS
```

இது பாக்கெட்டை மறைப்பதில்லை. கம்பியில் காது வைப்பவர் வரைபடத்தை இன்னமும் படிக்கலாம், எழுதத்தான் முடியாது.

ஒரு முனையில் மட்டும் அங்கீகாரம் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று ஏற்காது. ஆனால் உடனே பிரிந்துவிடாது. கடைசியாகக் கேட்ட ஹலோவிலிருந்து 40 வினாடி வரை பொறுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு முனைகளிலும் கட்டளையைத் தயாராகத் தட்டி வைத்து, முதலில் தூரத்து முனையிலும் உடனே பக்கத்து முனையிலும் கொடுத்தால், பெரும்பாலும் இணைப்பு அறுபடாமலே மாற்றம் முடிந்துவிடும். தூரத்து முனையை முதலில் செய்வதற்குக் காரணம் உண்டு. பக்கத்து முனையை முதலில் மாற்றி, தூரத்து முனையை அடைவதற்குள் நேரம் கடந்துவிட்டால், அங்கே போகும் வழியே மூடிக்கொள்ளும். சரிவராவிட்டால் `debug ip ospf adj` காரணத்தைச் சொல்லும். எதிர்முனை வகை 0 அனுப்புகிறது, நாம் வகை 2 வைத்திருக்கிறோம் என்று வந்தால் அங்கே அங்கீகாரமே வைக்கவில்லை. வகை பொருந்தியும் சாவி பொருந்தவில்லை என்றால் எழுத்துப் பிழையைத் தேட வேண்டும். சாவியின் கடைசியில் ஒட்டிக்கொண்ட ஒரு வெற்றிடம்கூடச் சாவியின் பகுதியாகிவிடும். கண்ணுக்குத் தெரியாததால் அதைக் கண்டுபிடிக்க நேரமாகும்.

இங்கே ஒரு கேள்வி எழும். அங்கீகாரம்தான் இருக்கிறதே, எல்லா இன்டர்ஃபேஸிலும் அதை வைத்துவிட்டால் பாசிவ் எதற்கு? ஹாஸ்டல் மடிக்கணினிக்குச் சாவி தெரியாது, அதனால் நெய்பர் ஆகவே முடியாது அல்லவா?

உடனே ஆக முடியாதுதான். ஆனால் ஹலோ ஹாஸ்டலுக்குள் போய்க்கொண்டே இருந்தால், ஒவ்வொரு பாக்கெட்டிலும் முத்திரையும் போகிறது. ஒரே ஒரு பாக்கெட்டைப் பிடித்து வைத்துக்கொண்டால் போதும். "இந்தச் சொல்தான் சாவி என்றால் இந்த முத்திரை வருமா?" என்று தன் கணினியிலேயே, நெட்வொர்க்கைத் தொடாமல், சொல்லுக்குச் சொல் போட்டுப் பார்க்கலாம். ஸ்விட்சுக்கு இது தெரியவே தெரியாது. தவறான முயற்சி என்று பதிவேட்டில் ஒரு வரிகூட விழாது. கல்லூரியின் பெயரோடு ஆண்டைச் சேர்த்து வைத்த சாவி இப்படி எளிதில் அகப்பட்டுவிடும். அகப்பட்ட சாவி ஹாஸ்டலுக்கு மட்டுமல்ல, அதே சாவி வைத்த எல்லாக் கம்பிகளுக்கும் பொருந்தும். பாசிவ் வைத்த போர்ட்டில் பிடித்து வைக்க முத்திரையே கிடைக்காது. ஆகவே பயனர் பக்கம் பாசிவ், ரவுட்டர் பக்கம் நீளமான, அகராதியில் இல்லாத சாவி. ஒன்று இன்னொன்றுக்குப் பதிலாக நிற்காது.

இவற்றால் முடியாததும் ஒன்று இருக்கிறது. சாவி தெரிந்த ரவுட்டர் ஒன்று கெட்டவர் கைக்குப் போய்விட்டால், அது சொல்லும் எந்தப் பொய்யையும் அங்கீகாரம் தடுக்காது. வேறொரு ரவுட்டரின் பெயரில் பொய்க் குறிப்பு எழுதினால், உரிய ரவுட்டர் அதைப் பார்த்துப் புதிய வரிசை எண்ணோடு சரியான குறிப்பை அனுப்பி மறுக்கும். ஆனால் தன் பெயரிலேயே எழுதும் பொய்யை மறுக்க யாரும் இல்லை. அதனால் ஸ்விட்சுகளின் நிர்வாகக் கடவுச்சொல்லும், சாவி யார் யாருக்குத் தெரியும் என்பதும் இதே வேலையின் பகுதிகள்.

சாவி தெரிந்த ஊழியர் வேறிடம் போகும்போது அதை மாற்ற வேண்டும். பல இடங்களில் மாற்றுவதில்லை. இணைப்பு அறுந்துவிடும் என்ற பயம். ஓஎஸ்பிஎஃப்பில் சாவிகளுக்கு எண் இருப்பதே இதற்காகத்தான். முதலில் எல்லா ரவுட்டர்களிலும் இரண்டாம் எண் சாவியைச் சேர்த்து, ஏற்றுக்கொள்ள மட்டும் நேரம் குறிக்க வேண்டும். அனுப்புவது இன்னும் பழைய சாவியில்தான். எல்லாவற்றிலும் சேர்ந்துவிட்டதா என்று சரிபார்த்தபின், குறித்த ஒரு மணிக்கு இரண்டாவது சாவியில் அனுப்பத் தொடங்கலாம். பழையதை ஏற்கும் நேரத்தை அதற்கு மேலும் ஒரு நாள் நீட்டி வைப்பது நல்லது. இந்த நேரக் கணக்கு பொருந்த எல்லா ரவுட்டர்களின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும், ஆகவே நேரச் சர்வரோடு அவை இணைந்திருக்கின்றனவா என்று `show ntp status` கொடுத்து முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். எம்டி5 மட்டுமே தெரிந்த பழைய கருவிகளில் நேரம் குறிக்க இடமில்லை. அங்கே புதுச் சாவியைச் சேர்த்ததும் ரவுட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் இரண்டு சாவியிலும் தனித்தனியாக அனுப்பிக்கொண்டிருக்கும். எதிர்முனைகள் எல்லாம் புதியதற்கு வந்துவிட்டனவா என்பது `show ip ospf interface` விடையிலேயே தெரியும். `Rollover in progress` என்ற வரி மறைந்தபின் பழைய சாவியை அழித்துவிடலாம்.